கேலிக்கு ஒரு முறை வேண்டும்

லண்டனில் ஜான் வாட்ஸ் என்பவர் நடத்திய அச்சகத்தில் 1725-26 வாக்கில் ஓர் இளைஞர் வேலைக்குச் சேர்ந்தார். அமெரிக்காவிலிருந்து வந்தவர், வயது இருபதுக்குள். பெயர் பெஞ்சமின் பிராங்க்ளின். பிற்காலத்தில் விஞ்ஞானியாகவும் அரசியல் தலைவராகவும் உலகம் அறிந்த அதே பிராங்க்ளின்தான். அந்த அச்சகத்தில் ஐம்பது பேருக்கு நெருக்கமாக வேலை பார்த்தார்கள். புதிதாகச் சேர்ந்த அவருக்கு அங்கே நடந்த இரண்டு விஷயங்களைத் தம் சுயசரிதையில் எழுதிவைத்திருக்கிறார். புதியவரைக் கிண்டலோடு வரவேற்பதற்கும் கிண்டல் என்ற பெயரில் வதைப்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொள்ள இவற்றைவிட நல்ல சான்றுகள் எனக்குக் கிடைக்கவில்லை. ஒரே இடம், ஒரே ஆட்கள், ஒரே புதியவர். ஆனால் ஒன்று கேலியாகவே நின்றது, மற்றொன்று வதையாகிவிட்டது.

முதல் விஷயம் பீர். அந்தத் தொழிலாளர்கள் நாள் முழுக்கப் பீர் குடிப்பவர்கள். பிராங்க்ளினோடு ஒரே அச்சு எந்திரத்தில் நின்ற கூட்டாளி காலை உணவுக்கு முன் தொடங்கி வேலை முடியும்வரை தினமும் ஆறு பைன்ட் குடித்தார். உடம்பில் பலம் இருந்தால்தான் வேலை ஓடும், பலத்துக்குப் பீர் வேண்டும் என்பது அவர்கள் நம்பிக்கை. பிராங்க்ளின் தண்ணீர் மட்டும் குடித்தார். உடனே அவருக்கு ‘தண்ணீர் அமெரிக்கன்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். எழுத்துகள் கோத்து இறுக்கிய கனமான பாரத்தை மற்றவர்கள் இரண்டு கையாலும் ஒன்றாகத் தூக்க, இவர் கைக்கு ஒன்றாக இரண்டைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்கினார். கேலி செய்தவர்களுக்கே வியப்பு. பீரைவிட ரொட்டியில்தான் மாவுச் சத்து அதிகம் என்று அவரும் விடாமல் வாதாடினார். பெயர் வைத்தார்கள், இவர் பதில் சொன்னார், பேச்சு தொடர்ந்தது. யாருக்கும் காயமில்லை.

இரண்டாவது விஷயம் சில வாரங்களுக்குப் பிறகு நடந்தது. முதலாளி அவரை எந்திரப் பகுதியிலிருந்து அச்சுக்கோக்கும் பகுதிக்கு மாற்றினார். அங்கிருந்தவர்கள், புதிதாக வருகிறவர் எல்லாருக்கும் குடிக்க 5 ஷில்லிங் தர வேண்டும் என்றார்கள். இந்தப் பணத்துக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் ‘பியான்வெனு’. பிரெஞ்சு மொழியில் ‘நல்வரவு’ என்று பொருள். கீழே எந்திரப் பகுதியில் ஒருமுறை கொடுத்தாயிற்றே, மறுபடியும் எதற்கு என்று பிராங்க்ளின் மறுத்தார். முதலாளியும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்த நகரில் பிராங்க்ளின் தங்கியிருந்த அறைக்கு வார வாடகை மூன்றரை ஷில்லிங் என்பதை நினைத்துக்கொண்டால் அந்தத் தொகையின் கனம் புரியும்.

அதன் பிறகு பிராங்க்ளின் இடத்தைவிட்டுச் சற்று நகர்ந்தால் போதும், ஏதாவது நடக்கும். அவருடைய எழுத்துகள் பெட்டியில் மாறிக் கலந்திருக்கும். பக்கங்கள் முன்பின்னாக மாறியிருக்கும். கோத்து வைத்தது உடைந்து கிடக்கும். யார் செய்தது என்று கேட்டால், “பேய் செய்தது” என்பார்கள். முறைப்படி சேர்த்துக்கொள்ளப்படாதவர்களை மட்டும் பிடிக்கும் பேய்.

ஈய எழுத்துகளை அடுக்கிய அச்சகத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் பொருள் உடனே புரியும். அச்சுக்கோப்பவர் பெட்டியைப் பார்த்து எழுத்தை எடுப்பதில்லை. எந்த அறையில் எந்த எழுத்து என்று கைக்குத் தெரியும். கண் கையெழுத்துப் பிரதியில் இருக்கும், கை தானாகப் போகும். அறைகளைக் கலந்துவிட்டால் அவர் கோப்பது ஒவ்வொன்றும் பிழையாகும். ஒவ்வொரு எழுத்தையும் கண்ணால் பார்த்துப் பிரித்து மீண்டும் போட வேண்டும். அது பல மணி நேர வேலை. வேகமாகக் கோப்பவருக்கு அவசர வேலை கிடைக்கும், அவசர வேலைக்குக் கூலி அதிகம் என்று பிராங்க்ளினே எழுதியிருக்கிறார். ஆக, அந்தப் ‘பேய்’ அவருடைய வேகத்தையும் பெயரையும் கூலியையும் ஒருசேரப் பிடித்தது.

இரண்டு மூன்று வாரம் தாக்குப்பிடித்தார். முதலாளியின் ஆதரவு இருந்தும் பயனில்லை. கடைசியில் பணத்தைக் கொடுத்தார். எப்போதும் சேர்ந்தே இருக்க வேண்டியவர்களோடு பகைத்துக்கொள்வது அறிவீனம் என்று முடிவு செய்ததாக எழுதுகிறார். கொடுத்ததும் எல்லாம் நின்றுபோனது.

இது ஏதோ அந்த அச்சகத்தில் மட்டும் முளைத்த பழக்கமும் இல்லை. நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1683-84-இல், ஜோசப் மாக்ஸன் என்பவர் அச்சுத்தொழில் பற்றி எழுதிய கைந்நூலில் இந்த வரவேற்புப் பணத்தைப் பதிவுசெய்திருக்கிறார். அவர் காலத்தில் அது இரண்டரை ஷில்லிங். தொழிலாளர்கள் தங்களுக்குள் விதித்துக்கொண்ட வேறு அபராதங்களைக் கட்ட மறுப்பவரை, அச்சுப்பாரம் திருத்தும் கல்லின்மேல் குப்புறக் கிடத்தி அட்டையால் பதினோரு அடி கொடுப்பார்கள் என்பதும் அதே நூலில் இருக்கிறது. வழக்கம் என்று பெயர் வந்துவிட்டால் அடிக்கிறவருக்கும் அது அடியாகத் தோன்றுவதில்லை.

‘தண்ணீர் அமெரிக்கன்’ என்ற பெயருக்கும் பேய்க்கும் என்ன வேறுபாடு? கடுமைதான் வேறுபாடு, ஒன்று லேசானது, மற்றது முரட்டுத்தனமானது என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்த அளவுகோல் போதாது என்று நினைக்கிறேன். பெயர் வைத்தவர்கள் பிராங்க்ளினைத் தங்களில் ஒருவராக எண்ணி, தங்களோடு பீர் குடிக்காத ஒருவராகக் கேலி செய்தார்கள். பேயை ஏவியவர்களுக்கு அவர் இன்னும் உள்ளே வராதவர், உள்ளே வர விலை கட்ட வேண்டியவர். கேலி உள்ளே வந்துவிட்டவரோடு நடக்கிறது. வதை வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறது. ஒரே சொல், ஒரே குறும்பு, வாசலின் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைப் பொறுத்து இரண்டில் ஒன்றாகும்.

ஈழத்தமிழில் ராகிங்குக்குப் ‘பகிடிவதை’ என்று பெயர். பகிடி என்றால் வேடிக்கைப் பேச்சு. அதையும் வதையையும் ஒரே சொல்லாக ஒட்டவைத்தவர்கள் விஷயத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள். வதை எப்போதும் பகிடியின் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வருகிறது. “சும்மா தமாஷுக்கு” என்ற வார்த்தை இல்லாமல் ஒரு ராகிங்கும் நடந்ததில்லை.

இன்னொரு தமிழ்ச் சொல்லும் இங்கே உதவும். கிராமத்து வீடுகளில் ஒருவரைக் கேலி செய்தால், “உனக்குக் கேலி பண்ண முறை இருக்கு, பண்ணு” என்பார்கள். மாமன் மச்சானுக்கு முறை உண்டு, மதினிக்கும் கொழுந்தனுக்கும் உண்டு. பெரியப்பாவை அப்படிப் பேச முடியாது. மானிடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன் 1940-இல் எழுதிய கட்டுரையில் இத்தகைய ‘கேலி உறவு’களைப் பல சமூகங்களில் எடுத்துக்காட்டி ஆராய்ந்தார். ஒருவர் மற்றவரைக் கேலி செய்யலாம், சில இடங்களில் செய்தே ஆக வேண்டும். கேட்பவர் கோபப்படக் கூடாது. சில உறவுகளில் இருவரும் மாறி மாறிச் செய்வார்கள், சிலவற்றில் ஒருவர் மட்டும் செய்வார் என்றும் அவர் பிரித்துக் காட்டினார். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது உறவு. உறவு நிச்சயமாக இருப்பதால்தான் அவமரியாதை போன்ற பேச்சு உறைப்பதில்லை.

வேலைக்குப் புதிதாக வந்தவருக்கு அந்த இடத்தில் எந்த முறையும் இல்லை. யார் மச்சான், யார் பெரியப்பா என்று அவருக்குத் தெரியாது. மேலாளரைப் பெயர் சொல்லி அழைக்கலாமா, ‘சார்’ போட வேண்டுமா என்பதுகூடத் தெரியாது. அந்த நிலையில் அவரை நோக்கி வரும் முதல் கேலிக்கு என்ன பதில் சொல்லலாம் என்று அவரால் கணிக்க முடியாது. அதனால் சிரிப்பார். அந்தச் சிரிப்பை நாம் சம்மதமாக எடுத்துக்கொள்கிறோம்.

இந்தப் பிழையைப் பற்றி நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. ஜஸ்டின் குரூகரும் உடனாய்வாளர்களும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு, கேலி செய்தவரும் கேலிக்கு ஆளானவரும் ஒரே நிகழ்ச்சியை எப்படிப் பார்க்கிறார்கள் என்று கேட்டது. செய்தவருக்குத் தம் நோக்கம் தெரியும், அன்பாகத்தான் சொன்னோம் என்று தெரியும். அதனால் கேலியும் அன்பாகவே தெரிகிறது. கேட்டவருக்குக் கிடைப்பது வார்த்தை மட்டும்தான். “நான் எந்த உள்நோக்கத்திலும் சொல்லல” என்று நாம் சொல்வது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். ஆனால் அது கேட்டவரின் காதுக்குள் போகவில்லை.

டாக்கர் கெல்ட்னரின் குழு 1998-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நெருக்கமானது. அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் விடுதிச் சங்கம் ஒன்றின் பழைய உறுப்பினர் இருவரையும் புதியவர் இருவரையும் சேர்த்து உட்காரவைத்தார்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு ஆங்கில எழுத்துகளைக் கொடுத்து, அவற்றை வைத்து மற்றவர்களுக்குப் பட்டப்பெயர் வைக்கச் சொன்னார்கள். பழையவர்கள் புதியவர்களுக்கு வைத்தவை கூர்மையாக இருந்தன. புதியவர்கள் பழையவர்களைக் கேலி செய்தபோது அதில் பாராட்டும் கலந்திருந்தது. மேலிருந்து கீழே போகும்போது கேலி கனக்கிறது, கீழிருந்து மேலே போகும்போது மெலிகிறது. அதனால் மூத்தவர் “அவனும்தான் என்னைக் கிண்டல் பண்றான்” என்று சொல்வதைக் கணக்கில் சமமாக வைக்க முடியாது.

இனி நான் கிட்டத்தில் இருந்து பார்த்த ஒன்று. நான் சில ஆண்டுகள் ஒரு பதிப்பகத்தின் மெய்ப்புத் திருத்தும் பிரிவில் இருந்தேன். கம்ப்யூட்டர் வந்துவிட்ட காலம், ஈய எழுத்தெல்லாம் போயாயிற்று. புதிதாக ஒரு தம்பி சேர்ந்தார், தமிழ் எம்.ஏ. படித்தவர். சேர்ந்த மூன்றாம் நாள் எங்கள் மூத்தவர் அவரைக் கூப்பிட்டு, “தம்பி, ஒற்று தீர்ந்துபோச்சு. ஸ்டோர்ல போய் க், ப் ரெண்டும் ஒரு பாக்கெட் வாங்கிட்டு வாங்க” என்றார். அவர் போனார். ஸ்டோர்காரருக்கு ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தார்கள். “க் இருக்கு, ப் நேத்தே தீர்ந்துடுச்சு, மாடியில கேளுங்க” என்றார். மாடிப்படி பாதி ஏறியபோது தம்பிக்கு விளங்கிவிட்டது. பத்து நிமிஷம் கழித்துக் கையில் ஒரு காலி உறையோடு வந்து மூத்தவர் மேசையில் வைத்தார். “சார், கேட்டுட்டேன். வருமொழி வல்லினமா இருந்தாத்தான் குடுப்பாங்களாம். உங்க பேர் ‘ரா’வுல ஆரம்பிக்குது, ஒண்ணும் கிடையாதாம்.”

பிரிவே அதிர்ந்து சிரித்தது. மூத்தவர் எழுந்து அவரைத் தோளில் தட்டி, கீழே கூட்டிப்போய் டீ வாங்கிக்கொடுத்தார். அங்கே தாம் சேர்ந்த முதல் வாரத்தில் தம்மை எதற்கு அனுப்பினார்கள் என்பதையும் சொன்னாராம். அத்தோடு முடிந்தது. அடுத்த நாள் மூத்தவர் அவருக்குச் சொன்னது எல்லாம் நிஜ வேலை.

இதில் எது எது சரியாக அமைந்தது என்று பிறகு யோசித்திருக்கிறேன். ஒற்று எங்கே மிகும் என்பது அந்த அறையில் எல்லாருக்கும் தினசரித் தலைவலி. கேலியின் பொருள் தொழிலிலிருந்து வந்தது, தம்பியின் ஊரிலிருந்தோ உடம்பிலிருந்தோ வரவில்லை. செலவானது பத்து நிமிஷம், அதுவும் அவர் கையில் அவசரப் பக்கம் எதுவும் இல்லாத நேரம் பார்த்து. அவர் திருப்பிக்கொடுக்க இடம் இருந்தது, திருப்பிக்கொடுத்தது ரசிக்கப்பட்டது. கேலி செய்தவரே கடைசியில் உண்மையை உடைத்து டீயும் வாங்கிக்கொடுத்தார்.

அடுத்த ஆண்டு அதே பிரிவுக்கு ஒரு பெண் வந்தார். அதே விளையாட்டு. அவரும் போனார், வந்தார், சிரித்தார். ஆனால் அவருக்குப் பதில் சொல்லத் தோன்றவில்லை. பதில் வராததால் விளையாட்டு முடியவில்லை. அந்த வாரத்திலேயே இன்னும் இருமுறை வேறு வேறு காரணம் சொல்லி அனுப்பினார்கள். ஒரு மாலை, ஆறு மணிக்குப் போக வேண்டிய பாரத்தின் திருத்திய மெய்ப்பை யாரோ எடுத்து ஒளித்துவைத்தார்கள். இருபது நிமிஷம் தேடினார். ஆசிரியர் வந்து எல்லார் முன்னாலும் அவரைத் திட்டினார். ஒளித்தவர் எழுந்து சொல்லவில்லை. எனக்கு யாரென்று தெரியும், நானும் சொல்லவில்லை. பிறகு மெய்ப்பு ஒரு நாற்காலியின் கீழே ‘கிடைத்தது’. வாட்ஸ் அச்சகத்துப் பேய்தான் அது. நான்காம் மாதம் அவர் வேலையை விட்டார். அன்று நான் பேசியிருக்க வேண்டும்.

அவர் விடுவதற்கு முன் வந்த அறிகுறி ஒன்று உண்டு, அது அழுகையோ கோபமோ இல்லை. அவர் கேள்வி கேட்பதை நிறுத்தினார். சந்தேகம் வந்தாலும் தாமாக அகராதியைப் புரட்டினார். ஏதாவது சொன்னால் ஒரு நொடி நம் முகத்தைப் பார்த்து, இது நிஜமா என்று எடைபோட்டுவிட்டுத்தான் எழுந்தார். புதியவரை இல்லாத பொருளைத் தேட அனுப்பும் விளையாட்டின் உண்மையான விலை இதுதான். நம்முடைய வார்த்தைமேல் அவருக்கு இருக்கும் நம்பிக்கையிலிருந்து கொஞ்சம் செலவழிக்கிறோம். ஒருமுறை செலவழித்து, உடனே உடைத்துச் சொல்லி, திரும்பக் கட்டிவிடலாம். திரும்பத் திரும்பச் செலவழித்தால் கையிருப்பு தீர்ந்துபோகும். மெய்ப்புத் திருத்தும் அறையில் அதனால் ஒரு பிழை அச்சாகும். மின்சாரம், கொதிகலன், மருத்துவமனை வார்டு போன்ற இடங்களில் “அதைத் தொடாதே”, “இதை உடனே கொண்டா” என்று சொன்னதும் ஒருவர் இது நிஜமா என்று யோசித்தால் உயிர் போகலாம். அத்தகைய இடங்களில் வேலைக் கட்டளையின் வடிவத்தில் கேலியே கூடாது என்பது என் உறுதியான கருத்து. வேறு எதை வைத்தும் சிரிக்கலாம்.

கருவியைத் தொடுவது எல்லாமே வதை என்றும் சொல்லிவிட முடியாது. சமூகவியலாளர் டொனால்ட் ராய் 1959-இல் வெளியிட்ட ஒரு கட்டுரை இதற்கு நல்ல விடை தருகிறது. அவர் ஒரு தொழிற்சாலையில் துண்டுகள் வெட்டி எடுக்கும் எந்திரத்தில் இரண்டு மாதம் வேலை பார்த்தார். நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள், ஒரே அசைவு. அறையில் அவரோடு ஜார்ஜ், ஐக், சாமி என்று மூன்று மூத்தவர்கள். ராய்தான் புதியவர். அலுப்பில் வேலையை விட்டுவிடலாமா என்றிருந்தவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக அவர்களுடைய நாளின் ஒழுங்கு தெரியவந்தது. சாமி தினமும் மதியத்துக்கென்று ஒரு வாழைப்பழம் கொண்டுவருவார். ஐக் தினமும் அதைத் திருடி, “வாழைப்பழ நேரம்!” என்று கூவித் தின்றுவிடுவார். சாமி தினமும் சத்தம் போடுவார். மறுநாளும் பழம் கொண்டுவருவார். சாமி தண்ணீர் குடிக்கப் போனால் ஐக் அவருடைய எந்திரத்தின் மின்சாரத்தை நிறுத்திவைப்பார். சாமி திரும்பி வந்து கைப்பிடியை அழுத்தி, ஓடவில்லை என்று கண்டு, ஐக்கைத் திட்டுவார்.

இங்கே தொடப்பட்டது எந்திரம்தான். ஆனால் ஸ்விட்சைப் போட்டால் சரியாகிவிடும். செய்தவர் யாரென்று அந்த நொடியே தெரியும், திட்டலாம். அச்சகத்துப் பேயிடம் இந்த இரண்டும் இல்லை. சரிசெய்ய மணிக்கணக்கானது, செய்தவருக்கு முகமே கிடையாது. முகம் இல்லாதவரோடு கேலி உறவு வைத்துக்கொள்ள முடியாது.

ராயின் கட்டுரையில் அதைவிட முக்கியமான பகுதி இனிமேல்தான் வருகிறது. ஜார்ஜின் மகள் திருமணத்தால் ஒரு பேராசிரியர் குடும்பம் அவருக்குச் சம்பந்தம் ஆனது. அந்த அறையில் ஜார்ஜுக்கு அதனால் தனி மதிப்பு. அதைப் பற்றி அடிக்கடி பேசுவார், மற்றவர்கள் மரியாதையோடு கேட்பார்கள். புதியவரான ராய்க்கு ஒருநாள் ஒரு வேடிக்கை தோன்றியது. அந்தப் பேராசிரியர் உண்மையில் முடிவெட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் பாடம் நடத்துகிறார், கண்ணால் பார்த்தோம் என்று ஜார்ஜிடம் சொல்லச் சொல்லி ஐக்கைத் தூண்டினார். சொன்னார்கள். ஜார்ஜ் சிரிக்கவில்லை. பேச்சை நிறுத்தினார். ஏறத்தாழ இரண்டு வாரம் அந்த அறையில் வாழைப்பழ நேரமும் இல்லை, எந்த நேரமும் இல்லை. மாதக்கணக்கில் பழத்தைத் திருடியும் உடையாத உறவு ஒரே வாக்கியத்தில் உடைந்தது.

வாழைப்பழம் சாமியின் மானத்தோடு ஒட்டியது இல்லை. மகளின் திருமணம் ஜார்ஜின் மானம். ஒருவர் எதை மார்போடு அணைத்து வைத்திருக்கிறார் என்று தெரிந்துகொள்ளும்வரை அவருடைய குடும்பம், ஊர், பேச்சு பற்றிக் கேலியை எடுக்கக் கூடாது என்பதற்கு அந்த அறைதான் சாட்சி. புதியவரைப் பற்றி முதல் வாரத்தில் நமக்கு அது தெரிய வாய்ப்பே இல்லை.

நம் அலுவலகங்களில் இதை நாம் கவனிப்பதில்லை. ஒருவர் சேர்ந்ததும் வரும் முதல் கேள்வி “எந்த ஊரு?”. அதுவரை நல்லது. அடுத்தது “ஊர்ல எந்தப் பக்கம்? எந்தத் தெரு?”. அது எதைத் தோண்டுகிறது என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். அதற்குப் பிறகு வரும் எந்தக் கேலியும் கேலியாக இருக்க முடியாது. கிராமத்திலிருந்து வந்து, வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கி, சென்னையில் வேலைக்குச் சேர்ந்த பிள்ளையின் ஆங்கில உச்சரிப்பை மீட்டிங் முடிந்ததும் நடித்துக் காட்டுவதும் இதே வகை. அவர் எத்தனை வருஷம் அந்த மொழியோடு போராடினார் என்று நடித்தவருக்குத் தெரியாது. நடித்தவர் நல்லவராகவும் இருக்கலாம். ஆனால் அவர் திருடியது வாழைப்பழத்தை இல்லை.

பியான்வெனுவின் வாரிசும் நம்மிடம் இருக்கிறது. முதல் சம்பளம் வந்ததும் ‘ட்ரீட்’ கேட்பது. பதினைந்து பேருக்குப் பிரியாணி என்றால் புதியவரின் சம்பளத்தில் ஒரு நல்ல துண்டு போகும். முதல் சம்பளத்தை அம்மா கையில் கொடுக்க வேண்டும் என்று நினைத்திருப்பார், கடனுக்குக் கட்ட வேண்டியிருக்கும், விடுதிக்கு முன்பணம் தர வேண்டியிருக்கும். தாமாக விரும்பிக் கொடுப்பவரைத் தடுக்க வேண்டாம். “எப்ப ட்ரீட்?” என்று மூன்றாம் முறை கேட்கும்போது அது வரி. கொடுக்காதவருக்குக் ‘கஞ்சன்’ என்று பெயர் வைத்தால் அபராதமும் விதித்தாகிவிட்டது.

இவற்றுக்கெல்லாம் ஆதரவாக ஒரு வாதம் சொல்வார்கள்: கஷ்டப்பட்டு உள்ளே வந்தவன்தான் இடத்தின்மேல் பற்று வைப்பான். இதற்கு ஓர் ஆய்வும் துணையாகக் காட்டப்படும். எலியட் அரான்ஸனும் ஜட்சன் மில்ஸும் 1959-இல் கல்லூரி மாணவிகளை வைத்து அதைச் செய்தார்கள். ஒரு விவாதக் குழுவில் சேர்வதற்குச் சிலர் கூச்சம் தரும் ஆபாசச் சொற்களை உரக்கப் படிக்க வேண்டியிருந்தது, சிலருக்கு லேசான சோதனை, சிலருக்கு ஒன்றுமில்லை. பிறகு எல்லாரும் வேண்டுமென்றே சலிப்பாக அமைத்த ஒரு விவாதத்தைக் கேட்டார்கள். கடுமையான சோதனைக்கு ஆளானவர்களே அதை அதிகம் சுவையானது என்றார்கள்.

ஆய்வு உண்மை. அதிலிருந்து எடுக்கும் முடிவுதான் தவறு. பட்ட கஷ்டத்தை நியாயப்படுத்த மனம் ஒரு மட்டமான குழுவை நல்ல குழு என்று சொல்லவைக்கும் என்பதை அது காட்டியது. குழு உண்மையில் நன்றாகிவிட்டது என்றோ வேலை நன்றாக நடந்தது என்றோ காட்டவில்லை. அந்த மாணவிகள் ஒருமுறை படித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள், தங்கள் சோற்றுக்கு அந்தக் குழுவை நம்பி இருக்கவில்லை. சலித்துப்போன விவாதத்தைச் சுவை என்று நம்பும் ஊழியர், அலுவலகத்தின் குறையை ஒருநாளும் எடுத்துச் சொல்ல மாட்டார். அடுத்து வருகிறவரைத் தாமே வதைப்பார், “நாங்க எல்லாம் படலையா?” என்று.

சட்டம் இங்கே எவ்வளவு தூரம் வரும்? 1996-இல் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டதற்குப் பின், தமிழ்நாடு 1997-இல் ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்தது. இலங்கையில் 1998-இல் பகிடிவதைக்கு எதிரான சட்டம் வந்தது. இரண்டும் கல்வி நிறுவனங்களுக்கானவை. பணியிடத்தில் பாலியல் சாயல் கொண்ட பேச்சு பெண்ணுக்கு விருப்பமில்லாமல் நடந்தால் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது துன்புறுத்தல், சொன்னவர் தமாஷ் என்று சொல்வது விடையாகாது. மெய்ப்பை ஒளித்துவைத்த கைக்கென்று தனிச் சட்டம் இல்லை.

முதலாளியின் தடை மட்டும் போதாது என்பதும் வாட்ஸ் அச்சகத்திலேயே தெரிந்துவிட்டது. அவர் தடுத்தார், பிராங்க்ளின் நகர்ந்த நேரத்தில் பேய் வந்தது. வதை நடப்பது புதியவரின் பக்கத்து இருக்கைகளில். நிறுத்தக்கூடியவர்களும் அங்கேதான் இருக்கிறார்கள். பிரிவுக்குப் பொறுப்பில் இருப்பவர் செய்யக்கூடிய பயனுள்ள காரியம், புதியவரைக் கிண்டல் செய்யும் முன் தம்மைக் கிண்டல் செய்யவிடுவது. புதியவர் முன்னால் அவருடைய சகாக்கள் அவரை ஓட்டட்டும். தாம் முதல் மாதம் செய்த பிழை ஒன்றை அவரே சொல்லட்டும். இந்த இடத்தில் யார் யாரைக் கேலி செய்ய முறை உண்டு, கேலிக்குப் பின் என்ன ஆகிறது என்று புதியவர் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்வார். அவர் தாமாக ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லும் நாள் வரும். சிலருக்கு மூன்றாம் நாளே வரும், சிலருக்கு ஆறு மாதமாகும், சிலருக்கு வரவே வராது. வராதவரும் நல்ல ஊழியர்தான், அவரை விட்டுவிட வேண்டும். இன்று பாதிக் கேலி வாட்ஸ்அப் குழுவில் நடக்கிறது. அங்கே குரல் இல்லை, முகம் இல்லை, அழியாமல் கிடக்கும். முகத்துக்கு நேரே பழகியிராத ஒருவரைப் பற்றி அங்கே எழுதாமல் இருப்பது நல்லது.

பிராங்க்ளின் அந்த அச்சகத்தில் பிறகு நன்றாகவே இருந்தார். அந்தத் தொழிலாளர்களின் வழக்கங்களில் சில மாற்றங்களை முன்மொழிந்து, எதிர்ப்பை மீறி நிறைவேற்றவும் செய்தார். அவரைப் பார்த்துப் பலர் காலைப் பீரை விட்டுக் கஞ்சிக்கு மாறினார்கள். நன்றாகக் கேலி பேசுகிறவர் என்ற பெயரும் அவர்களிடையே கிடைத்தது. பேயோடு கழிந்த அந்த இரண்டு மூன்று வாரங்கள் இல்லாமலேயே இது எல்லாம் நடந்திருக்கும். அதற்கான அடித்தளத்தைத் தண்ணீர்க் குவளையும் அதைச் சுற்றிய வாய்ச்சண்டையும் முன்பே போட்டுவிட்டன.

உங்கள் பிரிவுக்கு அடுத்த வாரம் யாராவது புதிதாக வருகிறார் என்றால், முதல் நாள் டீக்கு நீங்கள் காசு கொடுங்கள். ஓட்டுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.